இரவு 11 மணிக்குப் பிறகு பதில் இல்லை: சொன்ன பிறகு வரும் பத்து நாட்கள்

கொழும்புக்கு வேலைக்கு வந்து போர்டிங்கில் இருக்கும் பிள்ளைகள் உளவளத்துணைக்கு என்னிடம் வரும்போது, பெரும்பாலும் நித்திரையில்தான் கதையைத் தொடங்குவார்கள். "அக்கா, ஒபிசில கணக்குப் பாக்கேக்க எழுத்தெல்லாம் மங்குது." கண் பரிசோதித்தாயிற்று, இரத்தமும் பரிசோதித்தாயிற்று. நாலைந்து கேள்விக்குப் பிறகு விசயம் வெளியே வரும். விரும்புகிறவரோடு அல்லது பேசிச் செய்த மாப்பிள்ளையோடு ஒவ்வொரு நாளும் இரவு ஒரு மணி வரை போனில் இருக்கிறார்கள். அறையில் மற்றப் பிள்ளைகள் நித்திரை என்பதால் மொட்டைமாடிப் படியில் குந்தியிருந்து குசுகுசுவென்று கதைக்கிறார்கள். காலையில் 5.30க்கு எழும்பாவிட்டால் குளியலறை கிடைக்காது.

"இரவில இனி போன் எடுக்க மாட்டன் எண்டு எப்படிச் சொல்லுறது?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். சொல்வது அவ்வளவு கடினமில்லை, அதற்கு ஒரு பின்னேரம் போதும். சொன்னதற்குப் பிறகு மற்றவர் எப்படி நடக்கிறார், அதை எப்படி வாசிப்பது என்பதற்குத்தான் யாரும் ஆயத்தமாக இருப்பதில்லை. முதல் இரவில் அழுதால் பயந்து விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். முதல் இரவில் இனிமையாகச் "சரி" என்றால் பிரச்சினை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டுமே பிழையான வாசிப்பு என்று இத்தனை வருசத்தில் கண்டிருக்கிறேன். ஏறத்தாழப் பத்து நாட்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அதற்கு முதல் ஒன்று. அவர் உங்களை ஏற்கனவே அடித்திருந்தால், அடிப்பேன் என்று சொல்லியிருந்தால், உங்கள் படங்களை வைத்து மிரட்டியிருந்தால், இதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். அப்படியான ஆளிடம் சின்ன எல்லை போடுவதுகூட உங்களுக்கு ஆபத்தாக முடியலாம். நேரே இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

முதலில் வசனத்தைச் சரியாகக் கட்டுங்கள்

எல்லை என்பது நீங்கள் செய்யப்போவதைப் பற்றிய பேச்சு. "இனி பதினொண்டுக்குப் பிறகு மெசேஜ் போடாதேங்கோ" என்றால் அது மற்றவருக்கான கட்டளை. அவர் போட்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, சண்டை மட்டும்தான் மிஞ்சும். "பதினொண்டுக்குப் பிறகு நான் போன் பாக்க மாட்டன்" என்றால் அதை நிறைவேற்றுவது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அவர் நூறு மெசேஜ் போட்டாலும் உங்கள் எல்லை உடையாது.

அந்த வசனத்தோடு இன்னும் இரண்டு சேர வேண்டும். எப்போது பதில் வரும் என்பதும், உண்மையான அவசரத்துக்கு என்ன வழி என்பதும். இவை இல்லாமல் "இரவில பதில் இல்லை" என்று மட்டும் சொன்னால், கேட்கிறவருக்குக் கதவு சாத்திய மாதிரித்தான் இருக்கும். அதோடு, பிறகு வரும் நாட்களில் அவரை வாசிக்கவும் உங்களுக்கு ஒன்றும் இருக்காது. நீங்கள் கொடுத்த மாற்று வழியை அவர் எடுக்கிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியவற்றில் முக்கியமானது.

பொய்க் காரணம் சொல்ல வேண்டாம். "நித்திரை கொள்ளப்போறன்" என்று சொல்லிவிட்டு 11.30க்கு அக்காவின் பிள்ளையின் படத்துக்கு இதயம் போட்டால், ஓன்லைனில் நின்றதை அவர் காண்பார். அவருடைய சந்தேகத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். அந்த நேரம் கொஞ்சம் தனியே இருந்து எதையாவது பார்க்க விருப்பமென்றால் அதையே சொல்லுங்கள். "பதினொண்டுக்குப் பிறகு ஒருத்தரோடயும் கதைக்க மாட்டன்" என்பதும் நேர்மையான எல்லைதான்.

போனையும் முன்கூட்டியே சரிசெய்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவரை மியூட் பண்ணினால் மெசேஜ் சத்தம்தான் நிற்கும், கோல் அடிக்கும். ஆகவே போனின் Do Not Disturb தான் தேவை. அதில் அம்மாவையும் அறைத் தோழியையும் மட்டும் விதிவிலக்காகப் போடுங்கள். ஐபோனில் Repeated Calls என்று ஒரு தெரிவு இருக்கிறது. மூன்று நிமிசத்துக்குள் ஒரே ஆள் இரண்டாம் முறை எடுத்தால் அது சத்தத்தை விட்டுவிடும். அன்ட்ரொயிட்டிலும் இதுபோல ஒன்று உண்டு. அடுத்தடுத்து எடுக்கும் பழக்கமுள்ள ஒருவரிடம் எல்லை போடுகிறவர்கள் இதை நிறுத்திவிட வேண்டும். இதை மறந்து, முதல் இரவே இரண்டாவது கோலுக்குத் திடுக்கிட்டு எழும்பிய பிள்ளைகள் பலர்.

சொல்வதற்குப் பகலைத் தெரிவுசெய்யுங்கள். இருவருக்கும் வேலை இல்லாத, சண்டை இல்லாத நேரம். இரவு 10.55க்குச் சொன்ன எல்லையைக் கோபத்தில் போனை வைத்ததாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

வெள்ளவத்தைத் தங்கச்சி

இனி ஒரு கதையை நாள் நாளாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன், சொல்வதற்கு அவளிடம் அனுமதியும் வாங்கியிருக்கிறேன். அவளை இங்கே தங்கச்சி என்றே குறிப்பிடுகிறேன்.

வெள்ளவத்தையில் போர்டிங், கோட்டையில் கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை. வீட்டார் பேசிச் செய்த மாப்பிள்ளை லண்டனில். தை மாதம் எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், என்று தீர்மானமாகியிருந்தது. அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வர அங்கே இரவு 7 மணி. கோடையில் அது எங்களுக்கு 11.30. தங்கச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு சமாளித்தாள். ஒக்ரோபர் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அதன் பிறகு அவருடைய 7 மணி எங்கள் 12.30 ஆகிவிட்டது. ஒரு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும் கதை. இரண்டு கிழமையில் அவள் ஒரு கணக்கில் பெரிய பிழை விட்டு ஏச்சு வாங்கினாள்.

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் இந்த நேரச் சிக்கலை நியாயமாகப் பார்க்க வேண்டும். இரவுதான் அவருக்குக் கிடைக்கும் ஓய்வான நேரம். அதனால் வெறுமனே மறுக்காமல், இருவருடைய நாளையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னேன். அவருடைய மத்தியானச் சாப்பாடு 1 மணி, எங்களுக்குப் பின்னேரம் 6.30. அந்த நேரம் அவள் 100ஆம் இலக்க பஸ்ஸால் இறங்கி நடந்துகொண்டிருப்பாள். அவள் எழும்பும் 5.30 அவருக்கு நடுச்சாமம், படுக்கப்போகும் நேரம். சனிக்கிழமை எங்கள் பின்னேரம் 4 மணி அவருக்குக் காலை 10.30. மூன்று இடம் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் இப்படிச் சொன்னாள்:

"எனக்குப் பகலில தலை நிக்குதில்லை. இனி வேலை நாளில பதினொண்டுக்குப் பிறகு போன் எடுக்க மாட்டன். நீங்கள் வொய்ஸ் போட்டு வையுங்கோ, காலமை அஞ்சரைக்கு எழும்பினதும் முதல் வேலையா அதைக் கேட்டுப் பதில் போடுவன். உங்கட சாப்பாட்டு நேரம் ஒரு பத்து நிமிசம் கதைக்கலாம். சனிக்கிழமை எவ்வளவு நேரமெண்டாலும் கதைப்பம். உண்மையான அவசரமெண்டா உங்கட அண்ணாவைக் கொண்டு எங்கட அம்மாக்கு எடுப்பியுங்கோ, அம்மாவின்ர கோல் எனக்கு அடிக்கும்."

அவர் பதில்: "அட, இதை நானே சொல்லோணும் எண்டு இருந்தனான். நீர் நல்லா நித்திரை கொள்ளும்."

அவள் சந்தோசமாக எனக்கு மெசேஜ் போட்டாள். இப்போதைக்கு ஒன்றும் முடிவெடுக்க வேண்டாம், நாட்குறிப்பு மாதிரி ஒவ்வொரு நாளும் இரண்டு வரி எழுதி வை என்று சொன்னேன். நீங்களும் அதைச் செய்யுங்கள். கொப்பியில் எழுதினால் நல்லது. பத்தாம் நாள் ஞாபகத்தை நம்ப முடியாது, அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையின் சூட்டில் முந்தைய நாட்களெல்லாம் நிறம் மாறிவிடும்.

முதல் இரண்டு இரவும் அமைதி. மூன்றாம் இரவு 12.40க்கு ஒரு வொய்ஸ்: "சும்மா, உம்மட ஞாபகம் வந்திட்டுது." அவள் காலையில் பதில் போட்டாள். இதுவரை எல்லாம் சாதாரணம். நாலாம் நாள் பகல் அவர் கேட்டார், "பதினொண்டு பத்துக்கு ஓன்லைனில நிண்டனீர், ஆரோட?" அம்மாவுக்கு மருந்து ஞாபகப்படுத்தியிருக்கிறாள். விளக்கம் சொன்னாள்.

ஐந்தாம் இரவு 18 மிஸ்ட் கோல். வெளிச்சத்தைப் பார்த்து எழும்பி, நெஞ்சு பதற, 19ஆவது கோலை எடுத்தாள். "ஒண்டுமில்லை, குரல் கேக்கோணும் போல இருந்தது" என்றார்.

பத்தொன்பதாவது கோலை எடுத்தால் என்ன நடக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரும்பாலான எல்லைகள் உடைவது இங்கேதான்.

வழக்கமாகக் கிடைத்து வந்த ஒன்று திடீரென்று நின்றால், மனிதர்கள் உடனே கைவிடுவதில்லை, முதலில் இன்னும் பலமாகக் கேட்பார்கள். லிப்ட் வராவிட்டால் பொத்தானை ஐந்தாறு முறை அழுத்துவது போல. அணையப்போகிற விளக்கு ஒருமுறை கூடுதலாக எரியும் என்பார்களே, நடத்தை உளவியல் படித்தவர்கள் சொல்வதும் அதுதான். பழைய நடத்தை ஓய்வதற்கு முன் ஒருமுறை உயரும். எனவே நாலாம் ஐந்தாம் நாளில் கோல்கள் கூடுவதை மட்டும் வைத்து ஒருவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த உயர்வின் உச்சியில் நீங்கள் எடுத்துவிட்டால், 19 முறை எடுத்தால் பதில் கிடைக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அடுத்த இரவு அவர் மூன்றில் நிற்க மாட்டார். இதைவிட மோசமானது, சில இரவு எடுத்துச் சில இரவு எடுக்காமல் விடுவது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த பரிசோதனைகளில் கண்டது இதுதான்: எப்போது இரை விழும் என்று தெரியாத புறா, ஒவ்வொரு முறையும் இரை கிடைத்த புறாவைவிட, இரை முழுக்க நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருந்தது. உங்கள் இரக்கத்தில் ஒருநாள் எடுப்பது அவருடைய காத்திருப்பைத்தான் நீட்டுகிறது. அது அவருக்கும் நல்லதில்லை.

எடுத்துவிட்டால் என்ன செய்வது? தங்கச்சி எடுத்துவிட்டாளே. உடைந்தது உடைந்துவிட்டது என்று பழைய முறைக்குப் போகத் தேவையில்லை. அடுத்த பகல் ஒரு வசனம் போதும்: "நேற்று பயந்துபோய் எடுத்தனான். இண்டைக்கு இரவு எடுக்க மாட்டன், காலமை கதைப்பம்." விளக்கத்தை நீட்ட வேண்டாம். நீட்டினால் ஒவ்வொரு விளக்கமும் வாதாடுவதற்கு ஒரு கைப்பிடியாகிவிடும். அன்றிரவு போனை அறையின் மற்ற மூலையில் சார்ஜில் போட்டு, திரை கீழே பார்க்க வையுங்கள். நாட்களை அன்றிலிருந்து திரும்ப எண்ணத் தொடங்குங்கள்.

நான் பார்ப்பது மூன்று விசயங்கள்

கொட்டாஞ்சேனையில் ஒரு தம்பி, புறக்கோட்டைக் கடையில் வேலை. அவரும் 10.30 என்று எல்லை போட்டார். அவர் விரும்பும் பிள்ளை முதல் இரவு முழுக்க அழுதாள். "என் மேல சலிச்சுப் போச்சா?" இரண்டாம் இரவு ஏழு கோல். மூன்றாம் நாள் பகல் முழுக்கக் கோபம், ஒற்றைச் சொல் பதில். வெளியிலிருந்து பார்த்தால் லண்டன் மாப்பிள்ளையைவிட இவள்தான் மோசம். நாலாம் நாள் காலை அவளே சொன்னாள், இரவில்தான் தன் வீட்டில் சண்டை நடக்கும், அந்த நேரம் அவருடைய குரல் இருந்தால் பயமில்லை என்று. ஆறாம் நாள், "ஒன்பதரைக்கே கூப்பிடுங்க, அப்புறம் நான் பாட்டுக் கேக்குறேன்" என்றாள். ஒன்பதாம் இரவு 11 மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது: "பதில் வேணாம், காலையில பாருங்க."

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரவை வைத்து அளந்திருந்தால் இரண்டு பேரையும் பிழையாகக் கணித்திருப்போம். நோவது எல்லாருக்கும் உள்ளதுதான். அழலாம், கோபிக்கலாம், கேள்வி கேட்கலாம். அந்த நோவை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

முதலாவது, நீங்கள் கொடுத்த மாற்று வழியை எடுக்கிறாரா? கொட்டாஞ்சேனைப் பிள்ளை புதிய நேரத்தைத் தானே கண்டுபிடித்தாள். லண்டன் மாப்பிள்ளைக்குத் தங்கச்சி ஒவ்வொரு நாளும் பின்னேரம் 6.30க்கு எடுத்தாள். பத்து நாளில் இரண்டு முறைதான் மறுமொழி வந்தது. மற்ற நாளெல்லாம் "வேலை". சாப்பாட்டு நேரம் இல்லாத வேலையா என்று கேட்டதற்கு, "சாப்பிடேக்க கதைக்க ஏலாது" என்றார். இரவில் கதைக்காவிட்டால் உயிர் போகும் என்கிற ஆளுக்குப் பகலில் கதைப்பதில் அக்கறை இல்லை என்றால், அவர் தேடுவது உங்கள் குரலையா என்று யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, விசயம் உங்கள் இருவருக்குள்ளும் நிற்கிறதா? எட்டாம் நாள் இரவு அவர் அறைத் தோழிக்கு எடுத்து, "அவ உண்மையாவே அறையிலயா நிக்கிறா?" என்று கேட்டார். ஒன்பதாம் நாள் காலை 7 மணிக்கு யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்குப் போன். "உங்கட மகள் கொழும்புக்குப் போய் மாறிப்போனா, இரவில போனே எடுக்கிறேல்லை." அவசரத்துக்கென்று கொடுத்த வழியை முறைப்பாட்டுக்குப் பயன்படுத்தினார். எங்கள் சனத்துக்குள் இது மிகப் பலமான ஆயுதம். ஒரு பிள்ளை பதில் போடவில்லை என்ற சின்ன விசயம், அம்மாவின் வாயில் "ஆக்கள் என்ன சொல்லுவினம்" என்று பெரிதாகிவிடும். அதனால் எல்லை போடும் அன்றே அம்மாவுக்கோ அக்காவுக்கோ நீங்களே சொல்லி வையுங்கள்: "இரவில நித்திரை கொள்ளோணும் எண்டு அவருக்குச் சொல்லியிருக்கிறன். அவர் எடுத்தா, என்னோட கதைக்கச் சொல்லுங்கோ." முந்திச் சொன்னவரின் கதைதான் வீட்டில் நிற்கும்.

மூன்றாவதை விளக்கக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். கேட்பது ஒரே இடத்தில் நிற்கிறதா, வளர்கிறதா? நேரத்தைப் பற்றிப் பேரம் பேசுவது நல்ல அறிகுறி. "பதினொண்டு கஷ்டம், பதினொண்டரை?" என்று கேட்பவர் எல்லையை ஏற்றுக்கொண்டு அதன் அளவைப் பற்றிக் கதைக்கிறார். லண்டன் மாப்பிள்ளை ஏழாம் நாள், "நித்திரை எண்டா விளக்கு நூத்த அறையை ஒரு படம் எடுத்து அனுப்பும்" என்றார். பிறகு எங்கே நிற்கிறாள் என்று தெரிய Live location கேட்டார். எல்லைக்கு முன் இருந்ததைவிட எல்லைக்குப் பின் கூடுதலாகக் கேட்டால், அவர் இழந்ததாக நினைப்பது கதைக்கும் நேரத்தை அல்ல.

அப்படிக் கேட்கும் ஆள் என்றால் அன்றே வாட்ஸ்அப்பில் Linked devices என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினியோ போனோ அங்கே இருந்தால் உங்கள் மெசேஜ்களை வேறு ஒருவரும் வாசிக்கலாம் என்று அர்த்தம். தெரியாததை வெளியேற்றலாம். ஆனால் வெளியேற்றியது அவருக்குத் தெரியவரும் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

நாங்களும் பிழை விடுகிறோம்

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி முடிக்க மாட்டேன். என்னிடம் வருகிறவர்களில் சிலர் எல்லை என்ற பெயரில் தண்டனை கொடுக்கிறார்கள். இரவு பதில் இல்லை என்று சொல்லிவிட்டு, காலையில் போடுவதாகச் சொன்ன பதிலையும் மத்தியானம் வரை போடுவதில்லை. சண்டை பிடித்த இரவில் மட்டும் 11 மணி ஞாபகம் வரும், சமாதானமான இரவில் தாங்களே 12 மணிக்கு "என்ன செய்யுறீங்கள்?" என்று கேட்பார்கள். அப்படியென்றால் மற்றவர் பதறுவதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு விதி என்னவென்றே தெரியாது. காலைப் பதிலை ஒருநாள்கூடத் தவறவிடாதீர்கள். உங்கள் சொல்லை நீங்கள் காப்பாற்றிய பத்து நாட்களை வைத்துத்தான் மற்றவரை வாசிக்க முடியும்.

பத்தாம் நாள் கேட்க வேண்டிய கேள்வி

பகலில், ஆறுதலாக, ஒரே ஒரு கேள்வி. "பதினொரு மணி உங்களுக்குச் சரிவரேல்லை எண்டா, எத்தனை மணி சரிவரும்?"

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பிரச்சினை நேரம்தான் என்றால், மறுமொழியும் ஒரு நேரமாகத்தான் வரும். "வெள்ளிக்கிழமையாவது பன்னிரண்டு மட்டும் இரும்" என்று கேட்கலாம். "நான் வேலைக்கு நேரத்தோட போய் நேரத்தோட வரப் பாக்கிறன்" என்று தானே ஒரு வழி சொல்லலாம். அப்படி வந்தால் நீங்களும் இறங்கி வாருங்கள். வெள்ளி இரவைக் கொடுப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது, அடுத்த நாள் பலருக்கு லீவு.

தங்கச்சி ஒரு சனிக்கிழமை பின்னேரம் மரைன் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்று இந்தக் கேள்வியைக் கேட்டாள். அவர் சொன்னது அவளுடைய கொப்பியில் அப்படியே இருக்கிறது: "நேரம் பிரச்சினையில்லை. நான் எடுத்தா நீர் எடுக்கோணும்."

அவள் அதற்குப் பிறகு வாதாடவில்லை. அப்பாவிடம் எழுத்தைத் தையிலிருந்து தள்ளிப்போடச் சொன்னாள். அப்பா, "நித்திரைக்காகவோ கலியாணத்தைத் தள்ளுறாய்?" என்று கேட்டாராம். அவள் கொப்பியை எடுத்து அந்தப் பத்து நாளையும் வாசித்துக் காட்டினாள். விளக்கு நூத்த படம் கேட்ட இடத்தில் அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாராம்.

எழுத்தைத் தள்ளிப்போடுவது ஏன் இவ்வளவு பெரிய விசயம் என்று தென்னிந்திய வாசகருக்கு விளங்காமல் போகலாம். வெளிநாட்டு விசாவுக்காக எங்கள் வீடுகளில் தாலி கட்டுவதற்கு மாதக்கணக்கில் முன்னரே பதிவுத் திருமணத்தை முடித்துவிடுவார்கள். வீட்டார் அதை நிச்சயம் மாதிரி நினைப்பார்கள், ஆனால் சட்டத்தில் அது முழுத் திருமணம். பிறகு விலகுவதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குத்தான். இலங்கையின் பொதுச் சட்டத்தில் அதற்கு விபசாரம், தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போனது, திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு என்று மூன்று காரணங்கள்தான், அவற்றில் ஒன்றை நிரூபிக்கவும் வேண்டும். ஒத்துப்போகவில்லை என்பது காரணமாகாது. ஆகவே பேசிச் செய்த இடம் என்றால், இந்தப் பத்து நாளையும் எழுத்துக்கு முன் வையுங்கள்.

மிரட்டல் வந்தால்

"நீர் எடுக்காட்டி நான் செத்துப்போவன்" என்று மெசேஜ் வந்தால் அதை நாடகம் என்று தள்ள வேண்டாம், அதற்காக இரவு முழுக்கப் போனில் இருக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: அவருக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஆளை எழுப்புவது. கொழும்பிலிருந்து லண்டனின் 999ஐ நீங்கள் அழைக்க முடியாது, அங்கே நிற்கிற ஒருவரால்தான் முடியும். அதனால் வெளிநாட்டில் உள்ளவரோடு பழகும் எல்லாரும் அவருடைய அண்ணன், நண்பன், அறையில் கூட இருப்பவர் என்று ஒருவரின் இலக்கத்தையாவது முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். அவருக்கு எடுத்து, "இப்பிடி எழுதியிருக்கிறார், போய்ப் பாருங்கோ" என்று சொன்னால் உங்கள் பொறுப்பை நிறைவேற்றிவிட்டீர்கள். இங்கே உள்ளவர் என்றால் 1926, அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். உடனடி ஆபத்து என்றால் 119. உண்மையாகவே வேதனையில் இருப்பவருக்கு இதனால் உதவி கிடைக்கும். உங்களை எழுப்புவதற்காக மட்டும் எழுதியவர் என்றால், அவருடைய அண்ணன் கதவைத் தட்டிய பிறகு அந்த வசனம் திரும்ப வருவது அரிது.

மிரட்டல் உங்கள் மேல் என்றால், படங்களை வெளியிடுவேன், ஒபிசுக்கு வருவேன், அடிப்பேன் என்றால், இனி எல்லையைப் பற்றி அவரோடு கதைக்கத் தேவையில்லை. மெசேஜ்களை அழிக்காமல் திகதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து, நம்பிக்கையான இன்னொருவருக்கு அனுப்பி வையுங்கள். வீட்டு உரிமையாளர் அன்ரியிடமும் அறைத் தோழியிடமும் சொல்லுங்கள், ஆளைப் படத்தில் காட்டி வையுங்கள். 1938 பெண்கள் உதவி இலக்கம். வீட்டு வன்முறையைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஆனால் அது கணவன், முன்னாள் கணவன், கூடி வாழ்பவர், குடும்ப உறவினர் ஆகியோருக்கு எதிராகத்தான். தனித்தனியே இருந்து விரும்பிப் பழகும் ஒருவருக்கு எதிராக அந்தச் சட்டத்தால் போக முடியாது. அவருக்கு எதிராக மிரட்டல் என்ற குற்றத்துக்குப் பொலிசில் முறைப்பாடு செய்ய வேண்டும். எழுத்து முடிந்திருந்தால், தாலி கட்டாவிட்டாலும், சட்டத்தில் அவர் கணவன்.

பொலிசுக்குத் தனியே போகாதீர்கள். எழுதிய கொப்பியையும் கொண்டுபோங்கள். நாள், நேரம், எத்தனை கோல், என்ன வசனம் என்று வரிசையாக இருந்தால் முறைப்பாட்டை எழுதுகிற அதிகாரிக்கும் அது எழுதச் சுகமாக இருக்கும், உங்களுக்கும் ஒவ்வொன்றாக நினைத்து அழ வேண்டியிராது.